இத்தாலியக் கடைக்குத் தொலைபேசி வரவேற்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலெர்மோவில் கடை, தையல், துப்புரவு, சிறு உணவகம் என்று தொழில் செய்யும் நம்மவர்கள் என்னிடம் கேட்டவற்றையும், பல வருடங்கள் ஒரு கடையின் தொலைபேசிக்குப் பதில் சொன்னதில் நான் படித்ததையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் ஒரே கடைதான். பல்லாரோ சந்தைப் பக்கம் உடை திருத்தும் கடை, அதாவது ஸார்த்தொரீயா, வைத்திருக்கும் ஒரு அக்காவுக்கு நான் எழுதிக்கொடுத்தவை இவை: அழைப்பை எடுக்காதபோது ஒலிக்கும் பதிவு வாசகமும், எடுத்தால் பேச வேண்டியவையும். இத்தாலியச் சொற்களை வாயால் சொல்ல வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

“என் மகள் இங்கே பிறந்தவள், இத்தாலியன் தண்ணீர் மாதிரிப் பேசுவாள். அவளே பதிவு செய்தால் போதாதா?”

குரலுக்கு அவளே சரி. ஆனால் வாசகத்தை அவளிடம் முழுதாக விட்டுவிடாதீர்கள். அந்த அக்காவின் மகளும் அப்படித்தான் பதிவு செய்தாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் “லாஷா உன் மெஸ்ஸாஜ்ஜோ, தி ரிக்யமியாமோ” என்று சொல்லியிருந்தாள். தமிழில் இது “மெசேஜ் வை, உன்னைத் திரும்பக் கூப்பிடுறம்” என்பது போல. வீட்டிலும் பள்ளியிலும் தோழிகளிடமும் அவள் பேசுவது ‘நீ’ என்கிற தூ வடிவம். அதுவே இயல்பாக வந்துவிட்டது.

எழுபது வயது வாடிக்கையாளர் ஒருவர் கோட்டை எடுக்க வந்தபோது, “உங்கள் தொலைபேசி என்னை நீ என்று கூப்பிடுகிறதே” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபப்படவில்லை. ஆனால் அக்காவுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. மறுநாள் காலை என்னிடம் வந்தார்.

இத்தாலியனில் முன்பின் தெரியாத பெரியவரிடம் பேசும் மரியாதை வடிவம் லேயி. தொலைபேசிப் பேச்சில் நம்மவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது இதைத்தான். இலக்கணத்தில் வேறு பிழை இருந்தால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். இதைப் பிழையாகச் சொன்னால் கடையைப் பற்றியே ஓர் எண்ணம் விழுந்துவிடும்.

“லாஷா, லாஷி என்று ஒரே ஓர் எழுத்துத்தானே மாறுகிறது. எது எப்போது என்று எப்படி நினைவு வைப்பது?”

அந்த ஓர் எழுத்தில்தான் நீயும் நீங்களும் இருக்கிறது. குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. வினைச்சொற்கள் இரண்டு கூட்டமாக இருக்கின்றன. ஒரு கூட்டத்துக்கு எது ‘நீ’யோ, மற்றக் கூட்டத்துக்கு அதுதான் ‘நீங்கள்’.

முதல் கூட்டம், அகராதியில் ‘ஆரே’ என்று முடிபவை: லஷ்ஷாரே (விட்டுச்செல்), ரிக்யமாரே (திரும்ப அழை), அஸ்பெத்தாரே (காத்திரு), ஸ்கூஸாரே (மன்னி). இவற்றுக்கு ‘ஆ’வில் முடிந்தால் நீ, ‘இ’யில் முடிந்தால் நீங்கள். ஆகவே லாஷி, ரிக்யாமி, அஸ்பேத்தி, ஸ்கூஸி என்பவை மரியாதை. லாஷா, ரிக்யாமா, அஸ்பேத்தா, ஸ்கூஸா என்பவை நண்பரிடம்.

இரண்டாவது கூட்டம், ‘எரே’, ‘இரே’ என்று முடிபவை: அத்தேந்தெரே (காத்திரு), ஸ்க்ரீவெரே (எழுது), ஸென்த்தீரே (கேள்). இங்கே தலைகீழ். அத்தேந்தா, ஸ்க்ரீவா, ஸென்த்தா என்று ‘ஆ’வில் முடிந்தால்தான் மரியாதை. அத்தேந்தி, ஸ்க்ரீவி, ஸென்த்தி என்றால் நீ.

விதியாக மனனம் செய்ய வேண்டாம். கடையில் தேவைப்படுவது ஐந்தாறு சொற்கள்தான்: லாஷி, ரிக்யாமி, ஸ்கூஸி, அத்தேந்தா, ஸ்க்ரீவா, கூடவே “மி தீக்கா” (சொல்லுங்கள்). இவற்றை ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டிவிடுங்கள். இரண்டு வாரத்தில் தாளைப் பார்க்காமலே வரும்.

“ஆண் வாடிக்கையாளரிடமும் ‘லா ரிக்யமெரேமோ’ என்கிறார்கள். ‘லா’ பெண்பால் இல்லையா?”

பெண்பால்தான், ஆனால் இங்கே அது ஆளைக் குறிக்கவில்லை, மரியாதையைக் குறிக்கிறது. லேயி என்ற சொல்லுக்கே ‘அவள்’ என்ற பொருளும் உண்டு. தமிழில் ஒருவரையே ‘நீங்கள்’ என்று பன்மையில் அழைப்பது போல, இத்தாலியர் மூன்றாம் ஆளின் பெண்பால் ஒருமையை மரியாதைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆகவே மீசை வைத்த ஐயாவிடமும் “லா ரிக்யமெரேமோ” என்றே சொல்ல வேண்டும். “லோ ரிக்யமெரேமோ” என்று ஆண்பாலில் சொன்னால் “அவரை, அந்த வேறோர் ஆளை, அழைப்போம்” என்று பொருளாகிவிடும்.

“சரி, முழு வாசகத்தையும் தாருங்கள்.”

அக்காவின் கடைக்கு எழுதியது இது. கோடிட்ட இடத்தில் உங்கள் கடைப் பெயரைச் சேருங்கள்.

“ஸால்வே, ஆ க்யமாத்தோ லா ஸார்த்தொரீயா ____. இன் குவெஸ்தோ மொமென்த்தோ நொன் பொஸ்ஸியாமோ ரிஸ்போந்தெரே. ஸியாமோ அப்பேர்த்தி தல் லுனெதீ அல் வெனெர்தீ, தால்லே நோவே ஆல்லே த்ரேதிச்சி எ தால்லே ஸேதிச்சி ஆல்லே வென்த்தி. இல் ஸாபாத்தோ ஸோலோ லா மத்தீனா. லாஷி இல் ஸூவோ நோமே எ உன் ரெக்காப்பித்தோ தோப்போ இல் ஸெஞாலே அக்கூஸ்திக்கோ, லா ரிக்யமெரேமோ இன் ஜொர்னாத்தா. ஒப்பூரே ச்சி ஸ்க்ரீவா ஸு வட்ஸ்அப். க்ராத்ஸியே.”

பொருள்: “வணக்கம், நீங்கள் அழைத்தது இந்தத் தையற்கடை. இப்போது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை 9 முதல் 13 மணி, 16 முதல் 20 மணி வரை திறந்திருப்போம். சனிக்கிழமை காலை மட்டும். ஒலிக்குப் பிறகு உங்கள் பெயரையும் தொடர்பு எண்ணையும் சொல்லுங்கள், இன்றைக்குள் திரும்ப அழைப்போம். அல்லது வட்ஸ்அப்பில் எழுதுங்கள். நன்றி.”

இதைவிட நீட்ட வேண்டாம். இதுவே அரை நிமிடத்துக்குக் கிட்ட வரும். கடை எப்படித் தொடங்கியது, என்னென்ன வேலை செய்வோம் என்பதையெல்லாம் சேர்த்தால் கேட்பவர் ஒலி வருமுன்பே வைத்துவிடுவார்.

“இன் ஜொர்னாத்தா” என்பது இன்றைக்குள் என்ற வாக்கு. அதைக் காப்பாற்ற முடியாத கடை “அப்பேனா போஸ்ஸீபிலே” (முடிந்தவுடன்) என்று சொல்லட்டும். அக்கா மாலை ஏழரைக்குத் தவறிய அழைப்புகளைப் பார்த்துக் கூப்பிடும் வழக்கமுள்ளவர், அதனால்தான் அந்தச் சொல்லை வைத்தேன். ஏழரைக்குப் பிறகு செய்தி வைத்தவருக்கு மறுநாள் காலை முதல் வேலையாக அழைப்பு போகும். அப்போது தாமதத்துக்கு ஒரு ஸ்கூஸி சொல்வார்.

“ஏன் புவொன்ஜோர்னோ என்று தொடங்கவில்லை? அதுதானே எல்லோரும் சொல்வது?”

நேரில் எடுத்துப் பேசும்போது புவொன்ஜோர்னோதான். பதிவு செய்த குரலோ காலையிலும் இரவிலும் ஒன்றையேதான் சொல்லும். பலெர்மோவில் மதியச் சாப்பாடு முடிந்த உடனே புவொனஸேரா தொடங்கிவிடுகிறது. வடக்கே இன்னும் பிந்திச் சொல்வார்கள். மாலை ஆறரைக்கு அழைத்தவர் காதில் புவொன்ஜோர்னோ விழுந்தால் பழைய பதிவு என்று தெரிந்துவிடும். ஸால்வேக்கு நேரம் கிடையாது. ச்சாவோவை விட மரியாதையானது, புவொன்ஜோர்னோவை விடக் கொஞ்சம் இலகுவானது. சில பெரியவர்களுக்கு அது பிடிக்காது. அப்படியான வாடிக்கையாளர்கள் உங்களுக்கு அதிகமென்றால் வணக்கச் சொல்லையே விட்டுவிட்டு “க்ராத்ஸியே பெர் அவேர் க்யமாத்தோ” (அழைத்ததற்கு நன்றி) என்று தொடங்கலாம்.

“வங்கியிலும் மருத்துவமனையிலும் ‘லாஷாத்தே’, ‘அத்தெந்தேத்தே’ என்று பதிவில் கேட்கிறது. அது என்ன வடிவம்?”

அது வோயி, பன்மை. கேட்பவர்கள் பலர் என்று எண்ணிச் சொல்வது. முற்றிலும் சரியானது. “அவேத்தே க்யமாத்தோ” என்று தொடங்கி “லாஷாத்தே”, “வி ரிக்யமெரேமோ” என்று முடித்தால் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நான் லேயியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நேரில் பேசும்போதும் அக்கா லேயிதான் பயன்படுத்த வேண்டும், இரண்டுக்கும் ஒரே வடிவம் பழகட்டும் என்பதே.

செய்யக்கூடாதது கலப்பது. “லாஷி உன் மெஸ்ஸாஜ்ஜோ, வி ரிக்யமெரேமோ” என்று ஒரே மூச்சில் லேயியும் வோயியும் வந்தால், இரண்டு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியது காதுக்கு உடனே தெரியும். இணையத்திலிருந்து வாசகம் எடுப்பவர்கள் இந்த ஒன்றையாவது சரிபாருங்கள்: எல்லா வினையும் ஒரே ஆளிடம் பேசுகிறதா?

“பதிவு இல்லாமல் நானே எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்? ப்ரொன்த்தோ மட்டும் போதுமா?”

வீட்டுத் தொலைபேசிக்கு ப்ரொன்த்தோ போதும். கடைக்குப் போதாது. ப்ரொன்த்தோ என்று மட்டும் எடுத்தால் அழைத்தவர் “இது தையற்கடையா?” என்று கேட்க வேண்டியிருக்கும். ஆகவே கடைப் பெயர் முதலில், வணக்கம் பின்னால்: “ஸார்த்தொரீயா ____, புவொன்ஜோர்னோ.” பிறகு நிறுத்துங்கள். அவர் பேசட்டும்.

இனி, அந்தக் கடைக்கு ஒரு நாளில் மிக அதிகம் வரும் அழைப்பைப் பார்ப்போம். கொடுத்த உடுப்பு தயாரா என்பதுதான் அது.

அழைப்பவர்: “புவொன்ஜோர்னோ, வொலேவோ ஸப்பேரே ஸே எ ப்ரொன்த்தோ இல் மீயோ வெஸ்தீத்தோ.” (என் உடுப்பு தயாரா என்று அறிய விரும்பினேன்.)

நீங்கள்: “ச்சேர்த்தோ. ஆ கே நோமே?” (நிச்சயமாக. எந்தப் பெயரில்?)

அவர் பெயரைச் சொல்வார்.

நீங்கள்: “உன் ஆத்திமோ, கொன்த்ரோல்லோ ஸூபித்தோ.” (ஒரு கணம், உடனே பார்க்கிறேன்.)

தயார் என்றால்: “ஸி, எ ப்ரொன்த்தோ. புவோ பஸ்ஸாரே ஃபீனோ ஆல்லே வென்த்தி.” (ஆம், தயார். எட்டு மணி வரை வரலாம்.)

தயாரில்லை என்றால்: “மி திஸ்பியாச்சே, நொன் எ அங்க்கோரா ப்ரொன்த்தோ. ஸரா ப்ரொன்த்தோ வெனெர்தீ பொமெரீஜ்ஜோ.” (வருந்துகிறேன், இன்னும் தயாராகவில்லை. வெள்ளி பிற்பகல் தயாராகிவிடும்.)

முடிவில்: “க்ராத்ஸியே ஆ லேயி, புவோனா ஜொர்னாத்தா.”

இதில் இரண்டு இடங்களில் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, அழைப்பவர் சொல்லும் “வொலேவோ”. அது இறந்தகால வடிவம். அதனால் அக்கா ஆரம்பத்தில், அழைத்தவருக்கு முன்பு வேண்டியிருந்தது, இப்போது வேண்டாம் என்று விளங்கிக்கொண்டார். அப்படியில்லை. நேரடியாக “வோல்யோ” (எனக்கு வேண்டும்) என்றால் கடுமையாக இருக்கும் என்பதற்காக இறந்தகாலத்தில் சொல்கிறார்கள். வேண்டுவது இப்போதுதான்.

இரண்டாவது, “ஆ கே நோமே?” என்ற மூன்று சொல். இது தெரியாததால் பலர் “கி ஸேயி?” (நீ யார்?) என்று கேட்டுவிடுகிறார்கள். அது கதவுக்கு வெளியே நிற்பவரை அதட்டுவது போன்றது. உடுப்பு எந்தப் பெயரில் பதியப்பட்டிருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் நோகாது. வேறு விடயமாக அழைப்பவரிடம் “கொன் கி பார்லோ?” (யாருடன் பேசுகிறேன்?) என்று கேளுங்கள்.

“ப்ரொன்த்தோ என்று எடுக்கிறோம், உடுப்பும் ப்ரொன்த்தோ என்கிறார்கள். ஒரே சொல்லா?”

ஒரே சொல்தான். ‘தயார்’ என்பதே அதன் பொருள். தொலைபேசியை எடுக்கும்போது பேசத் தயார் என்கிறோம். ஆனால் எடுக்கும்போது சொல்லும் ப்ரொன்த்தோ, ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் மாறாது. உடுப்புக்குச் சொல்லும்போது மாறும். வெஸ்தீத்தோ (உடுப்பு) ஆண்பால் ஒருமை, ஆகவே ப்ரொன்த்தோ. ஜாக்கா (கோட்) பெண்பால், ப்ரொன்த்தா. பன்தலோனி (காற்சட்டை) எப்போதும் பன்மை, ப்ரொன்த்தி. தேந்தே (திரைச்சீலைகள்) பெண்பால் பன்மை, ப்ரொன்த்தே.

அவசரத்தில் எது என்று தெரியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. தையற்காரர்கள் எந்த உடுப்பையும் “காப்போ” என்பார்கள். தலை என்று பொருள்படும் அதே சொல் இங்கே ஓர் உருப்படியைக் குறிக்கும். “இல் காப்போ எ ப்ரொன்த்தோ” என்றால் கோட்டுக்கும் பாவாடைக்கும் பொருந்தும். அக்கா இப்போது எல்லாவற்றுக்கும் இதையே சொல்கிறார்.

“தொலைபேசியிலேயே விலை கேட்டால்?”

காற்சட்டையின் ஓரம் மடிப்பது, இத்தாலியனில் ஓர்லோ, நிலையான விலை என்றால் சொல்லிவிடுங்கள். மற்றவற்றுக்கு “தொவ்ரேயி வெதேர்லோ” (நான் அதைப் பார்க்க வேண்டும்) என்று சொல்லிக் கடைக்கு வரச் சொல்லுங்கள். பார்க்காமல் சொன்ன விலை நேரில் ஏறினால் மனக்கசப்புத்தான்.

“வேகமாகப் பேசுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. ஆம் ஆம் என்று சொல்லிச் சமாளிக்கலாமா?”

வேண்டாம். “ஸி, ஸி” என்று சொல்லிவைத்த நாளில்தான் வியாழக்கிழமை திருமணத்துக்கான உடுப்பை வெள்ளிக்கிழமைக்கு எழுதிவைக்கிறோம். “ஸ்கூஸி, புவோ ரிப்பேத்தெரே பியூ லென்த்தமென்த்தே?” (மன்னிக்கவும், மெதுவாகத் திரும்பச் சொல்ல முடியுமா?) என்று கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. இத்தாலியர்களும் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். சுருக்கமாக “கோமே, ஸ்கூஸி?” என்றாலும் போதும். “கோஸா?” (என்ன?) என்று மட்டும் கேட்காதீர்கள், வெடுக்கென்று இருக்கும்.

எண்களில்தான் உண்மையான ஆபத்து. 60 என்பது ஸெஸ்ஸான்த்தா, 70 என்பது ஸெத்தான்த்தா. தொலைபேசி இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். இத்தாலியர்களில் பலர் கைத்தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள், அறுபத்தேழு, எழுபத்தாறு என்று. உடனே “புவோ தீர்மெலோ ச்சீஃப்ரா பெர் ச்சீஃப்ரா?” (இலக்கம் இலக்கமாகச் சொல்ல முடியுமா?) என்று கேளுங்கள். எழுதிய பிறகு “ரிப்பேத்தோ” (திரும்பச் சொல்கிறேன்) என்று தொடங்கி நீங்களும் தனித்தனியாகச் சொல்லி “எ ஜூஸ்தோ?” (சரியா?) என்று உறுதிசெய்யுங்கள்.

எழுதிய எண் சரியா என்று பார்க்க இன்னொரு குறிப்பு: கைத்தொலைபேசி எண் 3 இல் தொடங்கும், முன்னால் 0 வராது. வீட்டு, கடைத் தொலைபேசி எண் 0 இல் தொடங்கும். பலெர்மோ என்றால் 091. அந்த 0வை ஒருபோதும் விடக்கூடாது. ஊருக்குள்ளிருந்து அழைத்தாலும், இலங்கையிலிருந்து +39 போட்டு அழைத்தாலும் 0 அப்படியே இருக்கும். நம் ஊரில் நாட்டு எண் போட்டால் 0வை விடுவது பழக்கம், அதனால் இங்கே பலருக்கு இணைப்புக் கிடைப்பதில்லை.

“என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாலும் பிழையாக எழுதுகிறார்கள்.”

எழுத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், ஊரின் பெயரைச் சொல்லுங்கள். இத்தாலியில் எழுத்துக்கூட்டுவது அப்படித்தான்: அன்கோனா, பொலோஞா, கோமோ, தோமோதோஸ்ஸோலா, எம்பொலி, ஃபிரென்ஸே, ஜேனொவா, ஈமொலா, லிவோர்னோ, மிலானோ, நாப்பொலி, பலெர்மோ, ரோமா, ஸவோனா, தொரீனோ, ஊதினே, வெனேத்ஸியா. நம் பெயர்களில் மூக்கை நுழைக்கும் ஹெச் எழுத்துக்கு ஊர் இல்லை, “ஓத்தெல்” என்கிறார்கள். எழுத்தின் பெயர் ஆக்கா.

சாந்தி என்ற பெயரைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் எழுதும்போது அதில் இரண்டு ஹெச் வரும். இத்தாலியருக்கு ஹெச் ஒலிக்காது, ஆகவே கேட்டதை எழுதினால் இரண்டும் காணாமல் போகும். “ஸவோனா, ஓத்தெல், அன்கோனா, நாப்பொலி, தொரீனோ, ஓத்தெல், ஈமொலா” என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால் சரியாக வரும். உங்கள் பெயருக்கு இந்த வரிசையை ஒருமுறை எழுதி மனனம் செய்துவிடுங்கள். குடியிருப்பு அனுமதி அலுவலகத்திலிருந்து கூரியர்காரர் வரை எல்லோரிடமும் உதவும்.

“உச்சரிப்பில் நாங்கள் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?”

இத்தாலியனுக்கு நம் நாக்கு பெரும்பாலும் பொருந்தும். ‘த’ ஒலி நம்முடைய த தான், பல்லைத் தொடும். ஆங்கிலப் பழக்கத்தில் ‘ட’ என்று சொல்லாதீர்கள், அங்கேதான் அந்நிய வாடை வரும். ஒற்றெழுத்தை அழுத்துவதும் நமக்குப் பழக்கம். புளி, புள்ளி போல அவர்களுக்கும் ஒற்று இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள்.

சிக்கல் வேறிடத்தில். தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றை க, த, ப வந்தால் மென்மையாகிவிடும். இத்தாலியனில் ஆகாது. “தோப்போ” (பிறகு) என்பதில் ப அழுத்தமானது, ஆனால் இரட்டிப்பில்லை. தமிழ் எழுத்தில் காட்ட வழியில்லாததால் ‘ப்ப’ என்று எழுதியிருக்கிறேன், சொல்லும்போது இலேசாகத் தொட்டுவிடுங்கள். க்யமாத்தோ, ரெக்காப்பித்தோ, ஸாபாத்தோ, ஜொர்னாத்தா எல்லாம் அப்படியே. ஒப்பூரே, பொஸ்ஸியாமோ, மத்தீனா, அத்தேந்தா ஆகியவற்றில்தான் ஒற்றெழுத்தை உண்மையாகவே அழுத்த வேண்டும். அதேபோல மொமென்த்தோ, வென்த்தி, ப்ரொன்த்தோ ஆகியவற்றில் ‘பந்து’வில் வரும் த வராது. “ப்ரொந்தோ” என்று சொன்னால் ஊரார் திரும்பிப் பார்ப்பார்கள்.

“ஓகஸ்ட் மாதம் மூடுகிறோம். வாசகத்தை எப்படி மாற்றுவது?”

ஓகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ. அதை ஒட்டி நாடே மூடும், ஆகவே யாரும் குறை நினைக்க மாட்டார்கள். ஆனால் எப்போது திறப்பீர்கள் என்பது தெரிய வேண்டும். 2026 நாட்காட்டியை வைத்து எழுதினால் இப்படி வரும்:

“ஸால்வே, ஆ க்யமாத்தோ லா ஸார்த்தொரீயா ____. ஸியாமோ க்யூஸி பெர் ஃபேரியே தல் தியேச்சி அல் வென்த்தித்ரே அகோஸ்தோ. ரியாப்ரியாமோ லுனெதீ வென்த்திக்வாத்த்ரோ. க்ராத்ஸியே.”

10 முதல் 23 வரை விடுமுறை, 24 திங்கள் திறக்கிறோம் என்பது பொருள். செய்தி விடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு வாரம் கேட்கப்போவதில்லை என்றால் கேட்காதீர்கள்.

திகதியில் இரண்டு நுணுக்கம். மாதத்தின் முதல் நாள் மட்டும் “ப்ரீமோ” (முதலாவது), மற்றவை வெறும் எண். 8க்கும் 11க்கும் முன்னால் “தல்” நீளும்: “தல்லோத்தோ”, “தல்லூந்திச்சி”. அந்த எண்கள் உயிரெழுத்தில் தொடங்குவதால் சேர்ந்து ஒலிக்கின்றன.

பலெர்மோக்காரர்களுக்கு இன்னொன்று: ஜூலை 15, ஸாந்தா ரொஸலீயா நாள், நகர விடுமுறை. பெல்லெக்ரீனோ மலைக்குக் கால்நடையாகப் போய் அந்தத் தாயைக் கும்பிடும் நம்மவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து அழைக்கும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. முதல்நாளே பதிவை மாற்றுங்கள்.

“நான் எடுக்காவிட்டால் அழைப்புப் பதிவுக்குப் போக எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும்? அதை மாற்ற முடியுமா?”

கைத்தொலைபேசியில் பெரும்பாலும் முடியும். 5 முதல் 30 நொடி வரை, ஐந்தைந்தாகக் கூட்டலாம். தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து கையைத் துடைத்து எடுக்க நேரம் வேண்டும் என்பதால் அக்காவுக்கு 25 நொடி வைத்தேன். எண் அடிக்கும் இடத்தில் இதை அடித்து அழைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். NUMERO என்ற இடத்தில் உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் ஸெக்ரெத்தெரீயா எண்ணை, அதாவது செய்திகளைப் பதியும் சேவையின் எண்ணை, போடுங்கள், அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு.

```
**61*NUMERO**25#
*#61#
##61#
```

முதலாவது அமைக்க, இரண்டாவது இப்போது என்ன அமைப்பு என்று பார்க்க, மூன்றாவது நிறுத்த. முதலாவதை ஏற்கவில்லை என்றால் இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவே 11 சேர்த்து `**61*NUMERO*11*25#` என்று அடித்துப் பாருங்கள். பிறகு வேறொரு தொலைபேசியிலிருந்து உங்கள் எண்ணுக்கே அழைத்து, எடுக்காமல் விட்டு, கடைசி ஒலி வரை கேளுங்கள். அக்காவின் முதல் பதிவின் பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அதை நிறுத்திவிட்டு, துணிகள் தொங்கும் பின்னறையில் நின்று மறுபடி பதிந்தோம். துணிகள் எதிரொலியைக் குடித்துவிட்டன, மகளின் குரல் தெளிவாக வந்தது, இம்முறை “லாஷி” என்று.